சீக்கிரம் ஒரு சார்ட் வேண்டும்: Quick Analysis-ஆ, Recommended Charts-ஆ?

எங்கள் குடியிருப்பில் 48 வீடுகள், மூன்று ப்ளாக். கிணறும் போரும் கைவிடும் மாதங்களில் லாரித் தண்ணீர்தான், அதுவும் 12,000 லிட்டர் லாரி. சங்கத்துக்கு நான் பொருளாளர் என்பதால் அந்தக் கணக்கு முழுக்க என் எக்செல் கோப்பில் இருக்கிறது. ஆண்டுக் கூட்டம் ஆறு மணிக்கு, ஐந்தரைக்குச் செயலாளர் போன் பண்ணி, "சார், நம்பரா வாசிச்சா யாரும் கேக்க மாட்டாங்க, ஏதாவது படமா போட்டுக் காட்டுங்க" என்றார். அரை மணி நேரத்தில் ஒரு சார்ட். இந்த மாதிரி நேரத்துக்கென்றே எக்செலில் இரண்டு வசதிகள் இருக்கின்றன, இரண்டுமே எக்செல் 2013-இல் வந்தவை: ஒன்று Quick Analysis, இன்னொன்று Recommended Charts. எதை எப்போது எடுப்பது என்பதில் பலருக்குக் குழப்பம் இருக்கிறது, எனக்கும் ரொம்ப நாள் இருந்தது. அன்றைக்கு நான் செய்ததை வைத்தே சொல்கிறேன்.

முதலில் இரண்டும் எங்கே இருக்கின்றன என்று பார்த்துவிடலாம். கட்டங்களைத் தலைப்போடு சேர்த்துத் தேர்ந்தெடுத்தவுடன் வலது கீழ் மூலையில் சின்னதாக ஒரு பொத்தான் எட்டிப் பார்க்குமே, அதுதான் Quick Analysis. பொத்தானைத் தேட வேண்டாம் என்றால் Ctrl+Q அழுத்தினால் போதும். ஒரு சின்னப் பெட்டி விரியும், அதில் Formatting, Charts, Totals, Tables, Sparklines என்று ஐந்து பிரிவுகள். Charts-ஐத் தொட்டால் நாலைந்து சார்ட் வகைகள் வரிசையாக நிற்கும், சுட்டியை ஒன்றின் மேல் கொண்டுபோனாலே உங்கள் எண்களை வைத்து வரைந்த சார்ட் பக்கத்தில் தெரியும், விலக்கினால் மறைந்துவிடும், கிளிக் செய்தால்தான் ஷீட்டில் வந்து உட்காரும். பொத்தானே வரவில்லை என்றால் File, Options, General போய் Show Quick Analysis options on selection என்ற இடத்தில் டிக் இருக்கிறதா என்று பாருங்கள், யாரோ எடுத்துவிட்டிருப்பார்கள்.

Recommended Charts இருப்பது மேலே Insert பட்டையில். இதற்கு முழுதாகத் தேர்ந்தெடுக்கக்கூட வேண்டாம், தரவுக்குள் ஏதோ ஒரு கட்டத்தில் நின்றுகொண்டு அதை அழுத்தினால், காலி வரிசையும் காலிப் பத்தியும் வரும் வரைக்கும் உள்ளதை எல்லாம் எக்செல் தானே எடுத்துக்கொள்ளும். பெரிய பெட்டி ஒன்று திறக்கும், இடது பக்கம் சிறு படங்களாகப் பரிந்துரைகள், வலது பக்கம் தேர்ந்தெடுத்ததன் பெரிய படம், அதற்குக் கீழே இந்த வகை எதற்கு ஏற்றது என்று இரண்டு வரி. பக்கத்திலேயே All Charts என்று இன்னொரு தாவல், மனசுக்குப் பிடித்தது பரிந்துரையில் இல்லாவிட்டால் அங்கே போய்க்கொள்ளலாம்.

இரண்டும் வேறு வேறு மூளைகள் என்று நினைத்துவிட வேண்டாம். Quick Analysis-இல் Charts வரிசையின் கடைசியில் More என்று ஒன்று நிற்கும், அதை அழுத்தினால் திறப்பது இதே Recommended Charts பெட்டிதான். ஆக, எது நல்ல சார்ட் தரும் என்று கேட்பதில் பயன் இல்லை. கிளிக் பண்ணுவதற்கு முன்னால் எவ்வளவு பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதுதான் கேள்வி. சின்னப் பட்டையில் பார்வை குறைவு, வேகம் அதிகம். பெரிய பெட்டியில் பத்து விநாடி கூடுதல், ஆனால் எல்லாவற்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடலாம். எது தேவை என்பதை உங்கள் தரவு எந்த நிலையில் இருக்கிறது என்பதே தீர்மானிக்கிறது.

என்னிடம் இரண்டு ஷீட் இருந்தன. ஒன்று மாதச் சுருக்கம், ஏப்ரல் 2024 முதல் மார்ச் 2025 வரை 12 வரிசைகள், மூன்று பத்திகள்: மாதம், லோடு, செலவு. ஏப்ரலில் 38 லோடு, 64,600 ரூபாய். மே மாதம் 46 லோடு, 87,400. ஜூனில் 41, 77,900. அப்புறம் மழை வரவர இறங்கி டிசம்பரில் 5 லோடு, 7,500 ரூபாய்தான். பிறகு மெல்ல ஏறி மார்ச்சில் 29 லோடு, 46,400. மொத்தம் 282 லோடு, 4,74,300 ரூபாய், அதையும் கடைசி வரிசையில் போட்டு வைத்திருந்தேன். இந்தக் கடைசி வரிசை செய்த வேலையைக் கொஞ்சம் கழித்துச் சொல்கிறேன். இன்னொரு ஷீட் பதிவேடு: லாரி வந்த தேதி, எந்த ப்ளாக் தொட்டி, எத்தனை லிட்டர், எவ்வளவு தொகை என்று ஒரு லோடுக்கு ஒரு வரிசை, 282 வரிசைகள்.

மாதச் சுருக்கத்தை எடுத்துக்கொள்வோம். கூட்டத்தில் காட்ட வேண்டிய முதல் விஷயம் எந்த மாதத்தில் எத்தனை லாரி வந்தது என்பது மட்டும். மாதம், லோடு என்ற இரண்டு பத்திகள், அதுவும் ஒட்டி ஒட்டி இருப்பவை. இதற்கு Quick Analysis-ஐ விட வேகமானது இல்லை. தலைப்பிலிருந்து மார்ச் வரைக்கும் இழுத்தேன், Ctrl+Q, Charts, வரிசையில் நின்ற Clustered Column மேல் சுட்டியை வைத்தேன், வெயில் மாதங்கள் உயர்ந்தும் மழை மாதங்கள் தாழ்ந்தும் ஒரு பள்ளத்தாக்கு மாதிரி தெரிந்தது, கிளிக், முடிந்தது. வரையும் எண் பத்தி, அதாவது தொடர், ஒன்றே ஒன்று என்பதால் சார்ட்டின் தலைப்பும் 'லோடு' என்று பத்தித் தலைப்பிலிருந்து தானாக வந்துவிட்டது. பதினைந்து விநாடி ஆகியிருந்தால் அதிகம். Recommended Charts-இல் போயிருந்தாலும் இதே சார்ட்தான் கிடைத்திருக்கும், பெட்டி திறந்து மூடும் நேரம் மட்டும் கூடுதல்.

ஆனால் இதையே நான் முதல் தடவை செய்தபோது சொதப்பியது, அந்தச் சொதப்பல் கிட்டத்தட்ட எல்லாருக்கும் நடப்பது என்பதால் நின்று பார்க்கலாம். தேர்ந்தெடுக்கும்போது மொத்த வரிசையையும் சேர்த்து இழுத்துவிட்டேன். பன்னிரண்டு சின்னக் கம்பங்கள், பதிமூன்றாவதாக 282 என்று ஒரு கோபுரம். மே மாதத்தின் 46 அதன் முன்னால் ஆறில் ஒரு பங்கு உயரம்கூட இல்லை, பள்ளத்தாக்கு தட்டையாகிவிட்டது. சார்ட்டின் கடைசிக் கம்பம் மட்டும் மற்றதை எல்லாம் விழுங்கினால், மொத்த வரிசை உள்ளே வந்துவிட்டது என்று அர்த்தம். Recommended Charts-இல் ஒரே கட்டத்தில் நின்று அழுத்தும்போது இது இன்னும் எளிதாக நடக்கும், ஏனென்றால் அங்கே எல்லையை நீங்கள் போடுவதில்லை, மொத்த வரிசை தரவோடு ஒட்டி இருந்தால் அதுவும் தரவுதான் என்று எக்செல் எடுத்துக்கொள்கிறது. Quick Analysis-இல் Totals பிரிவு வழியாகக் கூட்டல் போட்டவர்களுக்கும் இதே கதை, அது தரவின் அடியிலேயே ஒட்டி ஒரு வரிசையைப் போடும், பிறகு சார்ட் கேட்டால் அதுவும் சேர்ந்து வரும்.

தீர்வு இரண்டு. மொத்த வரிசைக்கும் தரவுக்கும் நடுவே ஒரு காலி வரிசை விட்டுவிடுங்கள், இது நிரந்தரத் தீர்வு. சார்ட் ஏற்கனவே வந்துவிட்டது, அழித்துப் போட மனம் இல்லை என்றால், சார்ட்டைக் கிளிக் செய்ததும் வலது ஓரத்தில் மூன்று பொத்தான்கள் வரும், கூட்டல் குறி, தூரிகை, புனல். அந்தப் புனல் வடிவப் பொத்தான்தான் Chart Filters, அதில் 'மொத்தம்' என்பதன் டிக்கை எடுத்துவிட்டு Apply அழுத்தினால் கோபுரம் போய்விடும், மற்ற கம்பங்கள் நிமிர்ந்துகொள்ளும். கூட்டத்துக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது இந்த இரண்டாவது வழிதான் கைகொடுக்கும்.

சரி, இப்போது இரண்டாவது விஷயம், இதில்தான் தேர்வு மாறுகிறது. லோடும் செலவும் இரண்டையும் ஒரே சார்ட்டில் காட்டலாமே என்று மூன்று பத்திகளையும் தேர்ந்தெடுத்து Ctrl+Q அழுத்தினேன், முதலில் நின்ற கம்ப சார்ட்டைக் கிளிக் செய்தேன். மாதத்துக்கு ஒரு கம்பம்தான் தெரிந்தது, செலவு. லோடு எங்கே? அதுவும் இருக்கிறது, ஆனால் ஒரே அச்சில் 87,400-க்குப் பக்கத்தில் 46 என்பது தரையோடு ஒட்டிய கோடுகூட இல்லை. கீழே வண்ணக் குறிப்பில் இரண்டு பெயர்கள் இருக்க, படத்தில் ஒரு வண்ணம் மட்டும் தெரிந்தால் இதுதான் நடந்திருக்கிறது என்று உடனே சந்தேகப்படுங்கள். தலைப்பும் இங்கே வெறும் 'Chart Title' என்றே நிற்கும், தொடர்கள் ஒன்றுக்கு மேல் போனால் எந்தப் பெயரை வைப்பது என்று அதற்குத் தெரியாது. இதை மாற்றாமல் அப்படியே திரையில் காட்டிவிடுபவர்கள் நிறைய. தலைப்பைக் கிளிக் செய்து, மேலே ஃபார்முலா பட்டையில் `=` போட்டு, தலைப்பு எழுதியிருக்கும் கட்டத்தைத் தொட்டு Enter அழுத்தினால், அந்தக் கட்டத்தை மாற்றும்போதெல்லாம் சார்ட்டின் தலைப்பும் மாறும்.

இந்த இடத்தில் Recommended Charts-ஐத் திறந்தால் நிலைமை தெளிவாகிறது. இடது பக்கப் படங்களை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்க்கும்போது, எதில் லோடு தெரிகிறது, எதில் காணாமல் போகிறது என்று பெரிய படத்திலேயே கண்டுபிடித்துவிடலாம். அளவு இப்படி ஏணி வைத்தாலும் எட்டாத இரண்டு தொடர்கள் இருக்கும்போது, ஒன்றைக் கம்பமாகவும் இன்னொன்றைக் கோடாகவும் போட்டு வலது பக்கம் இரண்டாவது அச்சு தரும் கூட்டுச் சார்ட் பரிந்துரையில் வருவது உண்டு. வராவிட்டால் All Charts தாவலில் கடைசியில் இருக்கும் Combo-வைத் தேர்ந்தெடுத்து, எந்தத் தொடருக்கு Secondary Axis வேண்டுமோ அதற்கு டிக் போடலாம். பெட்டியை விட்டு வெளியே வராமலே இரண்டையும் பார்த்துவிடலாம் என்பதுதான் இதன் வசதி. சின்னப் பட்டையில் இந்த அளவு வேறுபாட்டைச் சரிசெய்ய இடம் இல்லை. ஆகவே அளவில் ரொம்ப வித்தியாசப்படும் இரண்டு எண்கள் என்றால் நான் யோசிக்காமல் Recommended Charts-க்குப் போகிறேன்.

இதோடு வேலை முடிந்ததா என்றால் இல்லை. கூட்டுச் சார்ட் அழகாக வந்தது, கம்பமும் கோடும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு சேர்ந்தே ஏறி இறங்கின. அதை மாடிவீட்டு அம்மாவிடம் முன்னாலேயே காட்டினேன், அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "ஏன் தம்பி, லாரி நிறைய வந்ததால காசு கூடிச்சா, இல்ல லாரிக்காரன் ரேட்ட ஏத்திட்டானா?" அந்தச் சார்ட்டில் இதற்குப் பதிலே இல்லை. லோடு கூடினால் செலவு கூடத்தானே செய்யும், இரண்டும் சேர்ந்து ஏறுவதில் புதிதாக எதுவும் தெரியவில்லை. பரிந்துரை எவ்வளவு நன்றாக இருந்தாலும் அது நீங்கள் கொடுத்த பத்திகளைத்தான் வரையும், நீங்கள் கேட்க நினைத்த கேள்வி அதற்குத் தெரியாது.

பதில் வேண்டுமென்றால் நாலாவதாக ஒரு பத்தி வேண்டும், ஒரு லோடுக்கு எவ்வளவு என்று. D2-வில் இதைப் போட்டுக் கீழே இழுத்தேன்:

```
=C2/B2
```

ஏப்ரலில் 1,700, மே, ஜூனில் 1,900, ஜூலையில் 1,700, ஆகஸ்ட் முதல் பிப்ரவரி வரை 1,500, மார்ச்சில் 1,600. இப்போது வேண்டியவை மாதம், லோடு, விலை. நடுவில் செலவுப் பத்தி குறுக்கே நிற்கிறது. மாதம், லோடு இரண்டையும் இழுத்துவிட்டு Ctrl-ஐப் பிடித்துக்கொண்டு விலைப் பத்தியைத் தனியாகத் தேர்ந்தெடுக்க வேண்டும், இரண்டு துண்டுகளுக்கும் வரிசைகள் ஒரே அளவில் தொடங்கி ஒரே அளவில் முடிய வேண்டும், தலைப்பும் இரண்டிலும் இருக்க வேண்டும். இப்படித் துண்டு துண்டாகத் தேர்ந்தெடுக்கும்போது நான் Quick Analysis பக்கமே போவதில்லை, நேராக Insert, Recommended Charts. லோடு கம்பமாகவும் விலை கோடாகவும் இரண்டாவது அச்சோடு எடுத்தேன். அம்மாவின் கேள்விக்குப் பதில் இப்போது கண்முன்னே நின்றது: மே மாதத்தில் விலையும் ஏறியிருக்கிறது, ஆனால் டிசம்பரோடு ஒப்பிட்டால் லோடு ஒன்பது மடங்குக்கு மேல் கூடியிருக்கிறது, விலை 1,500-இலிருந்து 1,900 ஆகியிருக்கிறது. செலவை ஏற்றியது பெரும்பாலும் லாரிகளின் எண்ணிக்கைதான்.

அச்சைப் பற்றி இங்கே ஒன்று சொல்லியே ஆக வேண்டும், இரண்டு வசதிகளுக்கும் பொதுவான ஆபத்து இது. அச்சு எங்கே தொடங்க வேண்டும் என்பதை எக்செல் தானாக முடிவு செய்கிறது. மிகச் சிறிய எண், மிகப் பெரிய எண்ணில் ஆறில் ஐந்து பங்குக்கு மேல் இருந்தால், அதாவது எண்கள் எல்லாம் நெருங்கி இருந்தால், அச்சு பூஜ்ஜியத்தில் தொடங்காமல் நடுவில் எங்கோ தொடங்கிவிடும். 12 மாதத்தையும் போட்டபோது 1,500-க்கும் 1,900-க்கும் இடைவெளி போதுமான அளவு இருந்ததால் அச்சு 0-இல் தொடங்கியது, கோடு கொஞ்சமாக ஏறி இறங்கியது. அதையே வெயில் காலம் மட்டும் என்று ஏப்ரல், மே, ஜூன் மூன்றை மட்டும் போட்டுப் பார்த்தேன். 1,700-ஐ 1,900-ஆல் வகுத்தால் 0.89, ஆறில் ஐந்து என்பது 0.83. அச்சு மேலே எங்கோ தொடங்கியது, 200 ரூபாய் ஏற்றம் விலை இரண்டு மூன்று மடங்கானது போலத் தெரிந்தது. எண்கள் சரிதான், படம் கத்துகிறது. கூட்டத்தில் யாராவது இதைப் பார்த்துவிட்டு லாரிக்காரரோடு சண்டைக்குப் போனால் அந்தத் தப்பு என்னுடையது. அச்சை இரண்டு முறை கிளிக் செய்து Bounds என்ற இடத்தில் Minimum-ஐ 0 ஆக்குங்கள், கம்ப சார்ட் என்றால் இதைக் கட்டாயம் செய்யுங்கள், ஏனென்றால் கம்பத்தின் உயரத்தைத்தான் கண் அளக்கிறது. Quick Analysis-இன் சின்ன முன்னோட்டத்தில் அச்சின் எண்கள் கவனத்திலேயே படாது, சார்ட் வந்து விழுந்தபிறகாவது இடது அச்சின் அடி எண்ணை ஒரு தடவை படித்துவிட வேண்டும்.

அடுத்தது பதிவேடு. ப்ளாக் வாரியாக எவ்வளவு தண்ணீர் போனது என்று கேட்பார்கள் என்று தெரியும், ஏனென்றால் ஒவ்வொரு ஆண்டும் சி ப்ளாக்காரர்கள் தங்களுக்குக் குறைவாகத் தண்ணீர் ஊற்றுகிறார்கள் என்பார்கள். 282 வரிசை, எதுவும் கூட்டப்படவில்லை. இதில் நின்று Alt+F1 அழுத்தினால், இந்தக் குறுக்குவழி வழக்கமான கம்ப சார்ட்டை நேராகப் போட்டுவிடும், நூற்றுக்கணக்கான முள் மாதிரிக் கம்பங்கள், கீழே படிக்க முடியாத தேதிகள். ஒரு வரிசைக்கு ஒரு கம்பம் என்று போட்டால் வேறு என்ன வரும். கூட்டிச் சுருக்கினால்தான் இங்கே சார்ட் உண்டு, அந்த வேலையைச் செய்வது பிவட் டேபிள்.

Recommended Charts-இன் உண்மையான பலம் இங்கேதான் என்று நான் நினைக்கிறேன். தரவு சுருக்கப்படாமல் இருப்பதைப் பார்த்துவிட்டு, ப்ளாக் வாரியாகத் தொகையைக் கூட்டிய சார்ட், ப்ளாக் வாரியாக லிட்டரைக் கூட்டிய சார்ட் என்று அதுவே பரிந்துரைக்கும். அப்படிப்பட்ட சிறு படங்களின் மேல் மூலையில் பிவட் சார்ட் என்பதற்கான ஒரு அடையாளம் இருக்கும், அதைக் கவனியுங்கள். எதை எதனால் பிரித்துக் கூட்டியிருக்கிறது என்பது பெரிய படத்தின் தலைப்பிலேயே இருக்கும், Sum of தொகை by ப்ளாக் என்பது போல. Quick Analysis-இலும் பிவட் சார்ட்டுகள் வரலாம், ஆனால் அங்கே வரிசையில் ஒரே பெயரோடு இரண்டு மூன்று நிற்கும்போது எது லிட்டர், எது தொகை என்று ஒவ்வொன்றின் மேலும் சுட்டியை வைத்து வைத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. 282 வரிசைக்கு அந்தத் தடவல் சரிப்படாது.

பிவட் சார்ட்டைத் தேர்ந்தெடுத்து OK கொடுத்ததும் புதிதாக ஒரு ஷீட் திறந்து, அதில் பிவட் டேபிளும் சார்ட்டும் சேர்ந்து வந்து உட்காரும். முதல் தடவை பார்ப்பவர்கள் என் ஷீட் எங்கே போனது என்று பதறுவார்கள், அது பத்திரமாகப் பக்கத்துத் தாவலில் இருக்கிறது. இதில் மறக்கக் கூடாதது ஒன்று: சாதாரண சார்ட் நீங்கள் எண்ணை மாற்றியவுடன் மாறிவிடும், பிவட் சார்ட் மாறாது. பதிவேட்டில் ஒரு தொகையைத் திருத்தினால் பிவட் மேல் வலது கிளிக் செய்து Refresh கொடுக்க வேண்டும். கூட்டத்துக்கு நடுவில் யாராவது ஒரு தப்பைக் காட்டி, நீங்கள் திருத்தி, படம் அப்படியே நின்றால் சபையில் நம்பிக்கை போய்விடும்.

எனக்கு அந்த முதல் பிவட் சார்ட்டில் மூன்று ப்ளாக்குக்கு நாலு கம்பங்கள் வந்தன. ஏ, பி, சி என்று மூன்றுதான் எங்களிடம், நாலாவது எங்கிருந்து? கிட்டே போய்ப் படித்தால் ஒன்று 'ஏ ப்ளாக்', இன்னொன்று 'ஏ பிளாக்'. பதிவேட்டைப் பகலில் நான் எழுதுகிறேன், இரவில் காவலர் சொல்லி அவர் மகன் தட்டச்சு செய்கிறான், நான் புள்ளி வைத்து எழுத, அவன் இகரம் போட்டு எழுதியிருக்கிறான். நமக்கு இரண்டும் ஒரே சொல், எக்செலுக்கு இரண்டு வெவ்வேறு ப்ளாக். கடைசியில் ஒரு இடைவெளி கூடுதலாக விழுந்தாலும் இதே கதைதான், அது கண்ணுக்கும் தெரியாது. Ctrl+H போட்டு எல்லாவற்றையும் ஒரே எழுத்துக்கு மாற்றி, Refresh கொடுத்ததும் மூன்று கம்பங்களாகிவிட்டன. உண்மையில் இது பரிந்துரை செய்த நன்மை என்றே சொல்வேன், 282 வரிசையை நான் கண்ணால் படித்திருந்தால் இது அகப்பட்டிருக்காது.

தமிழில் கணக்கு எழுதுபவர்களுக்கு இன்னும் இரண்டு இடங்களில் இடிக்கும். தேதியை 15.04.2024 என்று புள்ளி வைத்து எழுதுவது நம் பழக்கம், பல கணினிகளில் எக்செல் அதைத் தேதியாக எடுத்துக்கொள்ளாது, வெறும் எழுத்தாக வைத்துக்கொள்ளும். கட்டத்துக்குள் இடது பக்கம் ஒட்டி நின்றால் அது எழுத்து, வலது பக்கம் ஒட்டி நின்றால் தேதி, நீங்களாக இடம் மாற்றி வைக்காத வரை. எழுத்தாக இருக்கும் வரைக்கும் மாத வாரியாகத் தொகுத்துக் காட்டச் சொல்ல முடியாது. அந்தப் பத்தியைத் தேர்ந்தெடுத்து Data, Text to Columns போய்க் கடைசிப் படியில் Date என்பதில் DMY கொடுத்தால் எல்லாம் தேதியாகிவிடும். அதேபோல லோடுப் பத்தியில் '3 லோடு' என்று எழுதினால் அது எண் இல்லை, சார்ட்டில் அந்த மாதம் பூஜ்ஜியமாக நிற்கும். அளவுப் பெயர் தலைப்பில் இருக்கட்டும், கட்டத்தில் எண் மட்டும். பரிந்துரைகள் ஏனோ விசித்திரமாக வருகின்றன, எதிர்பார்த்த எதுவும் வரவில்லை என்றால் பரிந்துரையைத் திட்டாமல் முதலில் இதைப் பாருங்கள்.

ஆண்டு வாரிக் கணக்கு வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. முதல் பத்தியில் 2021, 2022 என்று ஆண்டுகள் இருந்தால் அவையும் எண்கள்தானே, அவற்றையும் ஒரு தொடராக வரைந்து, எல்லா ஆண்டுக்கும் இரண்டாயிரம் உயரத்தில் ஒரு கம்பம் நிறுத்திவிடும், கீழே அச்சில் 1, 2, 3 என்று இருக்கும். Alt+F1-இல் இதை அடிக்கடி பார்க்கலாம். ஆண்டுப் பத்தியின் தலைப்புக் கட்டத்தைக் காலியாக்கிவிட்டுச் சார்ட் போட்டால் அது அச்சுக்கான பெயர் என்று புரிந்துகொள்ளும், சார்ட் வந்தபிறகு தலைப்பைத் திரும்ப எழுதிக்கொள்ளலாம்.

அப்படியானால் Alt+F1-ஐ எப்போது எடுப்பது? எனக்குக் கம்ப சார்ட்தான் வேண்டும், தரவும் சுத்தம், பரிந்துரை எதுவும் வேண்டாம் என்று உறுதியாகத் தெரியும்போது. மாதா மாதம் இதே சார்ட் போடுபவருக்கு அதைவிட வேகம் எதுவும் இல்லை. என்ன வகை பொருந்தும் என்றே தெரியாத முதல் சார்ட்டுக்கு அது உதவாது.

சில சமயம் சார்ட்டே வேண்டாம் என்பதையும் சொல்ல வேண்டும், Quick Analysis-ஐ நான் விட்டுவிடாமல் இருப்பதற்கு இதுவும் காரணம். அதே பெட்டியில் Formatting பிரிவில் Data Bars இருக்கிறது. செலவுப் பத்தியை மட்டும் தேர்ந்தெடுத்து அதை அழுத்தினால் ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் எண்ணுக்கு ஏற்ற நீளத்தில் ஒரு பட்டை ஓடும். அறிவிப்புப் பலகையில் ஒட்டும் தாளுக்கு நான் இதைத்தான் எடுத்தேன், எண்ணும் தெரிகிறது, ஏற்ற இறக்கமும் தெரிகிறது, தனியாகச் சார்ட்டுக்கு இடமும் வேண்டாம். இதிலும் மொத்த வரிசையைச் சேர்த்துவிடாதீர்கள், 4,74,300-க்கு முழுப் பட்டை ஓடி மற்றதெல்லாம் சிறுத்துவிடும்.

ஆக, அன்றைக்கு ஆறு மணிக்குள் மூன்று படங்கள் கையில் இருந்தன. மாதவாரி லோடு, Quick Analysis-இல் எடுத்தது. லோடும் ஒரு லோடின் விலையும் சேர்ந்த கூட்டுச் சார்ட், Recommended Charts-இல். ப்ளாக் வாரி லிட்டர், அதுவும் Recommended Charts-இல், பிவட் சார்ட்டாக. இப்போதும் என் வழக்கம் இதுதான். ஏற்கனவே கூட்டிச் சுருக்கிய தரவு, ஒரே ஒரு எண் பத்தி, ஒட்டி இருக்கும் கட்டங்கள் என்றால் Ctrl+Q. எண் பத்திகள் இரண்டாகி அளவுகள் ஒத்துப்போகாவிட்டால், அல்லது பத்திகள் தள்ளித் தள்ளி இருந்தால், அல்லது தரவு இன்னும் பதிவேடாகவே இருந்தால் Recommended Charts. Ctrl+Q-வில் நாலைந்தும் பார்த்துவிட்டு எதுவும் பிடிக்கவில்லை என்றால் More அழுத்தி அப்படியே பெரிய பெட்டிக்குப் போய்விடுகிறேன், தேர்ந்தெடுத்தது கையோடு வரும், திரும்பத் தொடங்க வேண்டாம்.

கூட்டத்தில் சி ப்ளாக்காரர்கள் எழுந்தார்கள், மூன்றாவது படத்தைத் திரையில் போட்டேன். அவர்களுக்குப் போன லிட்டர் உண்மையிலேயே மற்ற இரண்டு ப்ளாக்கைவிடக் குறைவாகத்தான் இருந்தது. அவர்கள் சொன்னது சரி. இரண்டாவது லாரியை முதலில் சி தொட்டிக்கு விடுவது என்று அன்றே முடிவானது, அடுத்த மாதத்திலிருந்து பதிவேட்டில் ப்ளாக் பத்தியை நேரடியாக எழுதாமல் பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்கும்படி மாற்றிவிட்டேன். நாலாவது கம்பம் அதற்குப் பிறகு வரவில்லை.